கச்சான் காற்றில் கிழிந்த கூடு

கச்சான் காற்று எழும் ஆனி, ஆடி மாதங்களில் சீனன்குடாவின் மரங்கள் படும் பாட்டை, திருகோணமலைக்கு முந்திய நிலையத்தில் புகையிரதத்தை விட்டிறங்கி, புழுதி கண்ணில் விழாதபடி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு எங்கள் வீடுவரை நடந்து வந்தவர்கள் அறிவார்கள். அத்தகைய ஒரு காலையில், எங்கள் வளவின் வடமூலையில் நிற்கும் மாமரத்தின் கீழ்க்கிளையிலே, முசுறுகள் இலைகளை ஒட்டிக் கட்டியிருந்த பெரிய கூடொன்று ஒரு பக்கம் வாய்பிளந்து தொங்கக் கண்டேன். ஆண்டு இரண்டில் படிக்கும் என் பேத்தி, முதல்நாள் இரவு பாதியில் நித்திரையாகிவிட்டபடியால், அப்போதே தனக்கு ஓர் எறும்புக் கதை சொல்லவேண்டுமென்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நானும் சொன்னேன். எறும்பு ராசா ஒருவர் இருந்தார், அவர் தம் பிரஜைகளைக் கூப்பிட்டு, "எல்லோரும் ஒற்றுமையாக இழுங்கள்" என்று கட்டளையிட்டார், அவ்வாறே அவை இழுத்தன என்று, முப்பது வருஷம் சிறுவர் வகுப்புகளில் நான் சொல்லிவந்த கிரமத்திலேயே சொல்லிக்கொண்டு போனேன். அவள் என்னைப் பாராமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மம்மா, ராசா எதில நிக்கிறார்?"

நான் மரத்தைப் பார்த்தேன். கண்ணெதிரே நூற்றுக்கணக்கான முசுறுகள் கிழிந்த கூட்டின்மீது வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றில் எதுவும் நின்று ஏவியதாகத் தெரியவில்லை. பிரத்தியட்சமாக ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கையில், அதற்குப் புறம்பான ஒரு கற்பனையை ஒரு குழந்தையின் காதில் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. கதிரையொன்றைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டுக்கொண்டு, கடிக்குப் பயந்து சற்று எட்ட இருந்தபடி, இருவரும் மத்தியானம் வரை பார்த்தோம். அதன் பின் பல நாட்கள் பார்த்தும், அறிந்தோர் எழுதியவற்றைப் படித்தும், அந்தக் கதையை அடியோடு மாற்றி எழுதினேன். அப்படி எழுதிய கதையையும், அது போய் முடியும் விளையாட்டையும், ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்திருப்போருக்குப் பயன்படுமென்ற எண்ணத்தில் இங்கே தருகிறேன்.

முசுறு என்று நாம் சொல்வதை, அடுத்த வளவுச் சிங்களப் பையன் திமியா என்பான். செம்மஞ்சள் நிறம், நீண்ட கால்கள், கடித்த இடத்திலே அமிலத்தையும் பீச்சிவிட்டுப் போகும் சுபாவம், இவற்றால் மாங்காய் பறிக்க ஏறியவர்கள் எல்லோருக்கும் அது பரிச்சயம். மண்ணுக்குள் புற்றெடுக்காமல், மரத்தில் உயிரோடிருக்கும் இலைகளையே வளைத்து, விளிம்போடு விளிம்பைப் பொருத்தி, வெண்ணிற நூலால் இணைத்து வீடாக்குவது அதன் விசேஷம். இந்த இலைவளைப்பை 1770 ஆம் ஆண்டிலேயே, கப்டன் குக்கோடு அவுஸ்திரேலியாவுக்குப் போன ஜோசப் பாங்க்ஸ் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எனினும் அந்த நூல் எங்கிருந்து வருகிறது என்பது வெகுகாலம் விளங்காமலே இருந்தது. அது தெளிவுபட்ட வரலாற்றில் நம் இலங்கைக்கும் ஒரு ஸ்தானம் உண்டு. பிரான்ஸ் டோஃபிளைன் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் இங்கே வந்திருந்தபோது, முசுற்றுக் கூடொன்றைத் தாமே கிழித்துவிட்டு, அவை அதைச் செப்பனிடுவதை அருகிருந்து நோக்கி, கண்டதை 1905 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். எங்கள் மரத்தில் காற்று செய்ததை அவர் தம் கையால் செய்திருக்கிறார், அவ்வளவே. மற்றபடி அவர் கண்டதும் நாங்கள் கண்டதும் ஒன்றுதான். கூடு கிழிந்தவுடன் ஒரு பகுதி எதிரியைத் தேடி வெளியே பாய்கிறது. இன்னொரு பகுதி கிழிசலின் விளிம்பில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நேர்வரிசையில் நின்று, கால் நகங்களால் ஓர் இலையைப் பற்றிக்கொண்டு, எதிர் இலையின் ஓரத்தைத் தாடைகளால் கவ்வி, சிறிது சிறிதாகப் பின்வாங்கி இழுக்கிறது. இரண்டு விளிம்பும் அண்மியதும், வேறு சில முசுறுகள் உள்ளேயிருந்து குடம்பிகளைத் தாடையில் ஏந்தி வந்து, அவற்றின் வாயை இந்த ஓரத்தில் ஒருமுறையும் அந்த ஓரத்தில் ஒருமுறையுமாக மாறிமாறித் தொட்டுத் தொட்டு நூலை இழுத்து இணைக்கின்றன. நூல் சுரப்பது வளர்ந்த எறும்பு அன்று, அதன் குஞ்சு. தானுறங்கக் கூடு கட்டுவதற்கென்று மற்றப் பல எறும்பினங்களின் குடம்பிகள் வைத்திருக்கும் நூலை, முசுற்றுக் குடம்பி பொதுவீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே அதற்குத் தனிக்கூடு இல்லை.

இவையெல்லாம் ஆச்சரியமானவையே. ஆயினும் என் கதையை மாற்றியது இவையல்ல. இழுப்பு எப்படித் தொடங்குகிறது என்ற சிறு விஷயமே. ஆரம்பத்தில் முசுறுகள் இலைமேல் சிதறிப் பரந்து, ஒவ்வொன்றும் தான் நின்ற இடத்திலே கிடைத்த ஓரத்தைத் தனியே இழுத்துப் பார்க்கின்றன. பெரும்பாலான பிரயத்தனங்கள் வீணாகின்றன. எங்கோ ஓரிடத்தில், இலையின் நுனியோ மெல்லிய ஓரமோ, அற்பமாக இசைந்து கொடுக்கிறது. உடனே பக்கத்தில் நிற்பவை, தாம் இழுத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, அசைந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. சேரச்சேர அது மேலும் அசைகிறது. மேலும் அசைவதைக் கண்டு இன்னும் பல வருகின்றன. கூப்பிட்டவர் இல்லை, ஏவியவர் இல்லை. அரசி ஒருத்தி உண்டு, ஆனால் அவள் வேலை முட்டையிடுவதே. வேலைக்கார முசுறுகள் யாவும் பெண்கள். எல்லையோரக் கூடுகளிலே காவலிருப்பவை அவற்றுள் வயதானவை என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். (அந்தச் செய்தியை வாசித்த நாள்முதல் எனக்கு அவற்றின்மேல் ஓர் அபிமானம் கூடிவிட்டது.)

சிறுவருக்கு எழுதும் எறும்புக் கதைகளில் நான் இப்போது காணும் குற்றம் இதுதான்: ஒத்துழைப்பைக் கட்டளைக்குக் கீழ்ப்படிதலாக்கிவிடுகிறோம். தன் பிடி பயன்படவில்லை என்று கண்டு, அதை விட்டு, பயன்படும் இடத்துக்குத் தானாக நகர்வது ஏழு வயதில் மிகக் கடினமான செயல். மணல்வீடு கட்டும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆகவே கதையின் திருப்பம் அந்த இடத்திலேதான் விழவேண்டுமென்று தீர்மானித்தேன். எந்த முசுறுக்கும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்த மாத்திரத்திலே பிள்ளைகள் அதனைக் கதாநாயகியாக்கி, மற்றவற்றைக் கூட்டமாக்கிவிடுகிறார்கள். பேசவும் விடவில்லை. கதை இது:

*

ஒரு மாமரம். அந்த மாமரத்தில் ஒரு கிளை. அந்தக் கிளையில் பச்சை இலைகளால் ஒரு வீடு. வீட்டுக்குள்ளே முசுறுகள். எத்தனை முசுறு? எண்ணிக்கொண்டே இருந்தால் இருட்டிவிடும், அத்தனை முசுறு.

ஓர் இரவு கச்சான் காற்று வந்தது. உஸ்ஸ்... என்று வந்தது. கிளையை ஆட்டியது. இலையை இழுத்தது. டர்ர்ர்! வீடு கிழிந்துபோயிற்று.

விடிந்தது. கிழிந்த வழியால் வெயில் உள்ளே வந்தது. உள்ளே யார் இருந்தார்கள் தெரியுமா? குடம்பிகள். குடம்பி என்றால் முசுறின் குழந்தை. அரிசிமணி போல வெள்ளையாக இருக்கும். அதற்குக் காலில்லை. வெயில் சுட்டால் ஓட முடியாது.

வீட்டை மூடவேண்டும். உடனே மூடவேண்டும்.

ஒரு முசுறு ஓடிப்போய் இலையின் அடியைக் கடித்து இழுத்தது. அடி தடிப்பு. அசையவில்லை.

இன்னொரு முசுறு இலையின் நடுவைக் கடித்து இழுத்தது. நடு வழுக்கியது. அசையவில்லை.

இன்னொன்று அங்கே இழுத்தது. இன்னொன்று இங்கே இழுத்தது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்று தன் பாட்டில் இழுத்தது. இலை சும்மா நின்றது.

ஒரு சின்ன முசுறு இலையின் நுனிக்குப் போயிற்று. நுனி மெல்லியது. கடித்தது. இழுத்தது. அப்போது... நுனி ஒரு துளி வளைந்தது. எவ்வளவு? உன் நகத்தின் வெள்ளை அளவு.

பக்கத்தில் நின்ற முசுறு அதைக் கண்டது. அதுவும் இவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குத் தன் இடத்தை விட மனமில்லை. ஆனால் தன் இடம் அசையவில்லை. அந்த இடம் அசைகிறது. அது தன் பிடியை விட்டது. நுனிக்குப் போனது. பக்கத்தில் நின்று கடித்தது. இரண்டும் இழுத்தன.

நுனி இன்னும் வளைந்தது.

மூன்றாவது வந்தது. நாலாவது வந்தது. பத்து வந்தன. வரிசையாக நின்றன. இழுத்தன. இலை வளைந்து, வளைந்து வந்தது. பிறகு நின்றுவிட்டது. இந்த இலைக்கும் அந்த இலைக்கும் நடுவிலே இன்னும் இடைவெளி. ஒரு முசுறு எட்டினால் எட்டாது. இரண்டு முசுறு நீளம் இருந்தாலும் எட்டாது.

ஒரு முசுறு ஓரத்தில் நின்று முன்னே நீட்டியது. எட்டவில்லை. இன்னொரு முசுறு அதன்மேல் ஏறி முன்னே போனது. பின்னால் நின்றது முன்னால் நின்றதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அந்தரத்தில் தொங்கியது. அப்போதும் எட்டவில்லை. மூன்றாவது ஏறிப்போனது. அதன் இடுப்பையும் பிடித்தார்கள். அது கையை நீட்டியது... நீட்டியது... தொட்டது!

இப்போது ஒரு சங்கிலி. பக்கத்தில் இன்னொரு சங்கிலி. அதன் பக்கத்தில் இன்னொன்று. எல்லாச் சங்கிலியும் மெல்ல மெல்லப் பின்னால் வந்தன. இடைவெளி சிறுத்தது. சங்கிலியும் சிறுத்தது. இலையும் இலையும் முட்டிக்கொண்டன.

முடிந்ததா? இல்லை. இலைக்கு நிமிர ஆசை. விட்டால் டபக்கென்று போய்விடும். ஆகவே இழுத்த முசுறுகள் விடவில்லை. அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றன. பார்த்தால் சும்மா நிற்பது போலத்தான் இருந்தது.

உள்ளேயிருந்து வேறு முசுறுகள் குடம்பிகளைத் தூக்கி வந்தன. குடம்பியின் வாயில் நூல் இருக்கிறது. இந்த இலையில் ஒரு தொடுதல். அந்த இலையில் ஒரு தொடுதல். இந்த இலை. அந்த இலை. வெள்ளை நூல் போய்வந்தது, போய்வந்தது. வெயிலுக்குப் பயந்த குடம்பிதான் இப்போது வீட்டைத் தைத்தது.

நூல் காய்ந்தது. ஒரு முசுறு தன் பிடியை விட்டுப் பார்த்தது. இலை போகவில்லை. இன்னொன்று விட்டது. இலை போகவில்லை. எல்லாம் விட்டன.

உள்ளே இருட்டாயிற்று. குளிராயிற்று. எல்லாரும் உள்ளே போனார்கள்.

அதோ, அந்தக் கிளையில் இன்னும் இரண்டு இலை இருக்கிறது. காற்று வரப்போகிறது. யார் யார் வருகிறீர்கள்?

*

கடைசி வரியைச் சொல்லிக்கொண்டே கதிரையை விட்டு எழுந்துவிடவேண்டும். அந்த இடத்திலே கதை விளையாட்டாகிறது. வாசித்துக்காட்டுவோர் நிதானிக்கவேண்டிய இடங்கள் வேறு இரண்டு. "அப்போது" என்ற சொல்லுக்குப் பின் ஒரு மூச்சு விட்டு, நகத்தைக் காட்டச் சொல்லவேண்டும். ஒரு முசுறு தன் பிடியை விட்டது என்ற வரியைத் தாண்டி ஓடிவிடாமல், அதை மெதுவாகச் சொல்லவேண்டும். சங்கிலியின் பகுதியில் பிள்ளைகள் தாமாகவே கையை நீட்டத் தொடங்கினால் கதை அவர்கள் உடம்பில் இறங்கிவிட்டதென்று கொள்ளலாம், அதற்குள் யாராவது "பிறகு என்ன நடந்தது?" என்று அவசரப்படுத்தினால், முதற்பகுதியை நாம் வளர்த்துவிட்டோம் என்று பொருள்.

விளையாட்டு ஒரே நாளில் அமைந்ததல்ல. எங்கள் வளவுக்கு வரும் பன்னிரண்டு பிள்ளைகளும் ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குட்பட்டவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தமக்குள் தமிழிலே பேசிக்கொள்வார்கள். சிங்களப் பிள்ளைகள் மூவருக்கும் தமிழ் சில சொற்களே வரும். ஆதலால் வாய்பேசாமல் ஆடவேண்டும், தோளைத் தொடலாம், கையால் காட்டலாம் என்பதை முதல் விதியாக வைத்தேன். முசுறுகளும் உணர்கொம்பால் தொட்டுத்தானே அறிகின்றன என்று பேத்தி அதற்கு நியாயம் சொன்னாள்.

இரண்டு பழைய படுக்கை விரிப்புகள் இரண்டு இலைகள். ஒன்றை மரத்தடியில் விரித்து அதில் பிள்ளைகளை ஏற்றினேன். மற்றதை அப்பால், ஏறக்குறைய இரண்டு மீற்றர் இடைவெளி விட்டு விரித்து, அசையாதிருக்க மேலே நாலு தேங்காய்களை வைத்தேன். இடையிலுள்ள மணல் ஆகாயம். அதற்கு அப்பால் எட்டி, மற்ற விரிப்பை இழுத்து, இரண்டு ஓரங்களையும் சேர்க்கவேண்டும். மணலில் இறங்குபவர், இலைமேல் நிற்கும் ஒருவரோடு கைத்தொடர்ச்சி அறாமல் இறங்கவேண்டும். தொடர்ச்சி அறுந்தால் காற்று அடித்துக்கொண்டு போனதாகக் கருதி, திரும்ப இலைமேல் ஏறித் தொடங்கவேண்டும். ஆட்டத்திலிருந்து நீக்கப்படுபவர் எவருமில்லை.

முதல்நாள் விரிப்பு அரை நிமிஷத்திலே வந்துவிட்டது. வந்ததும் எல்லோரும் கையை விட்டுக் குதித்தார்கள். தேங்காயின் பாரம் வரும்வரைக்குத்தான் தடை. வந்தபின் அது பின்னே இழுப்பதில்லை. ஆகவே பிடித்திருக்க ஒருவருக்கும் அவசியம் இல்லாதுபோயிற்று. குடம்பி ஏந்திய முசுறுகளாக நூல் பின்னிய இரு சிறுமிகள் தனியே வேறொரு விளையாட்டு விளையாடுவதுபோல் இருந்தார்கள். கதையின் உயிரான பகுதி, அந்தச் 'சும்மா நிற்பது', விளையாட்டில் இல்லாமற் போய்விட்டதென்று கண்டேன். அன்றிரவு யோசித்து, கழித்துப்போட்ட சைக்கிள் ரியூப்பை எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, விரிப்பின் தூரத்து மூலைகள் இரண்டிலும் ஒவ்வொன்றாகக் கட்டி, மறுநுனிகளை நிலத்தில் ஆழ அறைந்த முளைகளில் முடிந்தேன். ரியூப் துண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளம். இப்பொழுது விரிப்பு இலையாயிற்று: இழுத்தால் வரும், விட்டால் ஓடும். ஒரு பிள்ளை தனியே அதைச் சிறிது தூரம் இழுக்கலாம். இழுத்த இடத்தில் வைத்திருக்க அதனால் ஏலாது. ஆடத் தொடங்குமுன் ஒரு பெரியவர் முழு நீளத்துக்கும் இழுத்துப்பார்த்து, வெடிப்போ பழைய ஒட்டோ உள்ள துண்டை எறிந்துவிடவேண்டும். முளைக்கும் விரிப்புக்கும் இடையில் எவரும் நிற்கலாகாது.

விளிம்புகளைத் தைப்பதற்கு, இரண்டு விரிப்பின் ஓரங்களிலும் ஆறாறு பழைய பிளாஸ்ரிக் வளையல்களைத் தைத்து, தடித்த பருத்தி நூலை எலுமிச்சம்பழம் அளவு பந்தாகச் சுற்றிக் கொடுத்தேன். நூல் பந்தைச் சுமப்பவர் இருவர், கூட்டத்தில் சிறியவர்கள். அவர்கள்தாம் குடம்பியை ஏந்திய முசுறுகள். வளையல்கள் எட்டும் தூரத்தில் வந்தபின்னரே அவர்கள் எழும்பலாம். இந்த வளையல், அந்த வளையல் என்று மாறிமாறிப் பந்தைக் கோத்து, கடைசி வளையலில் முடிச்சுப் போட்டதும், பிடித்திருப்போர் ஒவ்வொருவராகக் கையை விடுவார்கள். நூலைக் கையிலோ கழுத்திலோ சுற்றவிடக்கூடாது.

இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். கதை முடிந்து நான் எழுந்தவுடனே நடுவில் நின்ற பெரிய பையன் ஒருவன் முன்னே பாய்ந்தான். இருவர் அவன் கையைப் பிடித்தார்கள். விரிப்பின் நடு வந்தது, இரு மூலைகளும் பின்னே நின்றுவிட்டன. நடு வளையல்கள் முட்டின, ஓர வளையல்கள் ஒரு முழத்துக்கு அப்பால். விரலோடு விரல் கோத்திருந்த பிடி வழுக்கியது, விரிப்பு ஓடிவிட்டது. இப்படி மூன்று முறை. நான் வாய் திறக்கவில்லை. அது எனக்குப் பெரும் பிரயாசையாகவே இருந்தது. நாலாம் முறை, இடது மூலைப் பக்கம் நின்ற சிங்களச் சிறுமி தனியே நீட்டி, மூலையின் நுனியைத் தொட்டுவிட்டாள். மூலை ஒரு சாண் அசைந்தது. நடுச் சங்கிலியில் கடைசியாக நின்றவன் அதைக் கண்டான். தன் முன்னே நின்றவனின் கையை விட்டான், இடது பக்கம் போனான், அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் விட்டதால் நடுச் சங்கிலி அறுந்தது. பெரிய பையன் திரும்பி முறைத்தான். பிறகு அவனும் மூலை வருவதைப் பார்த்துவிட்டு, வலது மூலைக்கு ஓடினான். அன்று மூன்று சங்கிலிகள் உண்டாயின. விரலை விட்டு மணிக்கட்டைப் பிடிக்கவேண்டும் என்பதையும் அந்த ஒரு பிடியிலிருந்தே எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். முசுறுகளைப்போல இடுப்பைப் பிடிக்க விட்டுப்பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கூச்சம் வந்து விழுந்துவிடுகிறார்கள், அது வேண்டாம்.

இன்னொன்றும் அவர்கள் தாமாகக் கண்டார்கள். சங்கிலியின் கடைசியாள் நின்றுகொண்டு இழுப்பதைவிட, இலைமேல் குந்தி, குதிக்காலை மண்ணில் ஊன்றி, கையை நீட்டியபடி அசையாதிருந்தால், முன்னால் நிற்பவர்கள் இழுத்தது மீண்டும் நழுவுவதில்லை. அவுஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2025 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில் முசுறுகளைப் பற்றி இதே விஷயத்தைக் கண்டேன். மனிதர் கூட்டாகக் கயிறு இழுக்கையில், ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் இழுப்பும் குறைகிறது. பிரெஞ்சுக்காரரான ரிங்கல்மான் 1913 இல் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்தால் தலைக்கு ஏறக்குறையப் பாதி இழுப்பே தேறுகிறது. முசுறுகளிலோ, கூட்டம் பெருகுகையில் ஒவ்வொன்றின் இழுப்பும் கூடி, ஏறத்தாழ இருமடங்காகிறது. முன்னே நிற்பவை இழுக்க, பின்னே நிற்பவை உடலை நீட்டிக் கால்களை ஊன்றி, கிடைத்த இழுப்பை நழுவவிடாமல் காத்திருப்பதே அதற்குக் காரணமாக அந்த ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் பலத்தை நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் கடைசியாள் குந்திய பிறகு விரிப்பு ஒருமுறையேனும் ஓடவில்லை.

எட்டுப் பேருக்குக் குறைந்தால் பிடிப்பதற்கே ஆள் போதாது. பதினைந்துக்கு மேற்பட்டால் சிலர் வேடிக்கை பார்க்கத் தொடங்குவார்கள், அப்போது இரண்டு கூடாகப் பிரித்துவிடலாம். பிள்ளைகள் விரிப்பைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்தார்களானால், இடைவெளி அவர்களுக்கு மிஞ்சியதென்று தெரிந்துகொண்டு, விரிப்பை ஓர் அடி கிட்டக் கொண்டுவரவேண்டும். எவரும் கைகோக்காமலே காரியம் முடிந்துவிட்டால், அதைத் தள்ளி வைக்கவேண்டும்.

அன்று நூல் கோத்தது என் பேத்தி. கடைசி வளையலில் முடிச்சுப் போட அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. நூல் இருமுறை கையிலிருந்து விழுந்தது. அத்தனை நேரமும் மூன்று சங்கிலிகளும் மூச்சுக் காட்டாமல் நின்றன. பெரிய பையனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது; அவனுக்குப் பின்னே குந்தியிருந்த மெலிந்த சிறுவனின் குதிக்கால்கள் மணலில் இரண்டு குழிகளைத் தோண்டியிருந்தன. முடிச்சு விழுந்தது. ஒருவன் விட்டான், இன்னொருத்தி விட்டாள், எல்லோரும் விட்டார்கள். வளையல்கள் ஒருமுறை கிறீச்சிட்டு நின்றன. பன்னிரண்டு பேரும் விரிப்புகளின் கீழே நுழைந்து, தலையால் அதைத் தூக்கிக்கொண்டு, இருட்டுக்குள் இருந்து இரண்டு பாஷைக்கும் பொதுவான ஒரு கூச்சலைப் போட்டார்கள்.

அந்தியில் கால் கழுவிக்கொண்டிருக்கையில் பேத்தி கேட்டாள்:

"அம்மம்மா, நாளைக்கும் நான்தான் நூலோ?"

"ஏன் பிள்ளை, விருப்பமில்லையோ?"

"விருப்பந்தான். ஆனா நாளைக்கு நான் கடைசியா இருக்கிறன். அந்தக் குழி தோண்டினவன் இருந்த இடத்தில."